மகன் கேட்கும் 30 லட்சம்: இப்போதே கொடுப்பதா, உயிலில் எழுதுவதா?

மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு 68 வயது, மனைவிக்கு 62. அரசுப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். மாதம் 46,000 ரூபாய் ஓய்வூதியம். திருச்சியில் என் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு ஒன்று, இன்றைக்கு 90 லட்சம் போகும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம், வங்கி வைப்பில் 22 லட்சம், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் 16 லட்சம் (போட்டது 9 லட்சம்) இருக்கின்றன. சென்னையில் வேலை பார்க்கும் மகன், ஃப்ளாட் வாங்க 30 லட்சம் கேட்கிறான். “எப்படியும் எனக்கு வரப்போவதுதானே, இப்போது கொடுத்தால் உதவும்” என்கிறான். கோவையில் இருக்கும் மகள் எதுவும் கேட்கவில்லை. அவள் கல்யாணத்தில் 40 பவுன் போட்டதை மகன் நினைவூட்டுகிறான். வீட்டையும் இப்போதே மகன் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிவிட்டால் பின்னால் வரி மிச்சம் என்று என் மைத்துனர் சொல்கிறார். என்ன செய்யலாம்?
(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருச்சி)

அன்புள்ள ஐயா,

உங்கள் மைத்துனர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் குடும்பங்களை அவசரப்படுத்துவது பெரும்பாலும் வரியைப் பற்றிய பயம்தான். இந்தியாவில் இறந்தவரின் சொத்துக்கு விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1985-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. கொடுப்பவர் கட்ட வேண்டியிருந்த அன்பளிப்பு வரியும் 1998-இல் போய்விட்டது. பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது பிள்ளையின் வருமானமாகக் கருதப்படுவதில்லை. உயில் வழியாகவோ வாரிசு முறையிலோ வந்தாலும் அப்படித்தான். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டுச் சட்டமும் இதில் கை வைக்கவில்லை.

வீட்டிலும் இதே நிலைதான். உங்கள் பிள்ளைகள் பிற்காலத்தில் அந்த வீட்டை விற்றால், இலாபத்தைக் கணக்கிட எடுத்துக்கொள்ளப்படும் அடக்க விலை நீங்கள் செலவழித்த விலைதான். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியதாக இருந்தால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். செட்டில்மென்ட் எழுதினாலும், உயில் எழுதினாலும், ஒன்றுமே எழுதாமல் போனாலும் இந்த அடக்க விலை மாறாது. அமெரிக்காவில் அப்படியில்லை; அங்கே இறந்தவரின் சொத்து வாரிசுக்குப் போகும்போது இறந்த நாளின் மதிப்பே புதிய அடக்க விலையாகிவிடும். ஆகவே எழுதுவதா காத்திருப்பதா என்பது அங்கே வரிக் கேள்வி. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் தொலைபேசியில் சொல்லும் ஆலோசனை நம் ஊருக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஏற்பாட்டில் வரி உண்மையாகவே குறுக்கிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, பணத்தை மருமகள் பெயரில் கொடுப்பது. கொடுத்த தொகைக்கு வரி இல்லை என்றாலும், மாமனாரோ மாமியாரோ மருமகளுக்கு இலவசமாகக் கொடுத்த பணத்திலிருந்து வரும் வட்டியும் வாடகையும் கொடுத்தவரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். ஃப்ளாட்டை மகனும் மருமகளும் கூட்டாகப் பதிவு செய்து பின்னர் வாடகைக்கு விட்டால், உங்கள் பணத்தில் மருமகள் பெயருக்குப் போன பங்கின் வாடகைக்கு ஆண்டுதோறும் நீங்கள் வரி கட்டிக்கொண்டிருக்க நேரும். மகன், மகள், மருமகன் ஆகியோருக்கு இந்த விதி கிடையாது. எனவே பணம் உங்கள் கணக்கிலிருந்து மகனுடைய தனிக் கணக்குக்கு மட்டும் போகட்டும். ரொக்கமாக வேண்டவே வேண்டாம். ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விதிக்கப்படலாம். அப்பா கொடுத்ததுதான் என்பது இதற்குச் சமாதானமாகாது.

இரண்டாவது இடம் உங்கள் மியூச்சுவல் ஃபண்ட். அதை விற்றால் 7 லட்சம் இலாபம். ஓர் ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு சார்ந்த ஃபண்ட் என்பதால் ஒரு நிதியாண்டில் முதல் 1.25 லட்சம் இலாபத்துக்கு வரி இல்லை, மீதிக்கு 12.5 சதவீதம். ஒரே நாளில் முழுவதையும் விற்றால் செஸ்ஸோடு சேர்த்து 74,750 ரூபாய் போகும். பாதியை மார்ச் மாதத்திலும் மறு பாதியை ஏப்ரலிலும் விற்றால் இரண்டு நிதியாண்டுகளின் விலக்கும் கிடைத்து, வரி 58,500 ரூபாயாகக் குறையும். நான் காணும் வரையில் உங்கள் ஏற்பாடு முழுவதிலும் கையை விட்டுப் போகும் வரி இது ஒன்றுதான். எனவே இனி வரியை மறந்துவிட்டு வேறு கேள்விக்கு வருவோம்.

மகனுக்கு எவ்வளவு வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதவில்லை. கணக்கை நான் எப்போதும் அங்கிருந்துதான் போடுவேன். அவர் உங்களைவிட 6 வயது இளையவர், பல ஆண்டுகள் தனியாக வாழ நேரலாம். உங்கள் ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் பாதியாக நிர்ணயிக்கப்பட்டிருக்கும். குடும்ப ஓய்வூதியமோ அந்தக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். இன்றைய கணக்கில் 46,000 என்பது அவருக்கு ஏறத்தாழ 27,600 ஆகும். கம்யூட்டேஷன் பிடித்தம் இருந்தால் சற்று மாறும், ஆனால் விகிதம் இதுதான். சேமிப்புத் திட்டத்தில் உள்ள 30 லட்சம், 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு 61,500, அதாவது மாதம் 20,500 ரூபாய் தருகிறது. இரண்டும் சேர்ந்து 48,100. வீட்டுச் செலவுக்கு 25,000 என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 23,000 ரூபாய். உடனிருந்து கவனித்துக்கொள்ள முழுநேரமாக ஓர் ஆளை வைத்திருக்கும் குடும்பங்கள் என்னிடம் வரும்போது, மாதம் 25,000-க்குக் குறைவாக யாரும் செலவு சொல்வதில்லை. அப்படியானால், இந்த இரண்டு வரவையும் மட்டும் நம்பினால் அவருக்கு வரவும் செலவும் மயிரிழையில்தான் நிற்கின்றன.

எனவே அந்த 30 லட்சத்தை நீங்கள் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் கணக்கில் உங்கள் மனைவி கூட்டாளராகவோ ஒரே நியமனதாரராகவோ இருந்தால், உங்களுக்குப் பின் தகுதி விதிகளுக்கு உட்பட்டு அவர் அதைத் தொடரலாம். அந்த விவரத்தைக் கணக்குப் புத்தகத்தை எடுத்து இந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள். வட்டி விகிதம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே மாறாது, அதன் பிறகு அப்போதைய விகிதம்தான் என்பதையும் மனதில் கொள்ளுங்கள். வங்கி வைப்பில் 12 லட்சத்தை மருத்துவமனைக்கென்று ஒதுக்குங்கள். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்பீர்கள். அது ஏற்காத செலவும், முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்க வேண்டிய செலவும் உண்டு. இவை போக மீதியிருப்பது வங்கியில் 10 லட்சமும் ஃபண்டில் 16 லட்சமும். மொத்தம் 26 லட்சம். வரியும் சில்லறைச் செலவும் போக 25 லட்சம். நீங்கள் உயிரோடு இருக்கும்போது கொடுக்கக்கூடிய பணம் இவ்வளவுதான்.

இந்த 25 லட்சமும் மகனுக்கு மட்டும் உரியதன்று. இருவருக்கும் ஆளுக்கு 12.5 லட்சம் கொடுங்கள் என்பதே என் ஆலோசனை. மகன் கேட்டதில் குறையும் 17.5 லட்சத்துக்கு அவர் வீட்டுக் கடனைக் கூட்டிக்கொள்ளலாம், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 15,200 ரூபாய். சென்னையில் ஃப்ளாட் வாங்கும் நிலையில் உள்ள ஒருவருக்கு அது சுமைதான், ஆனால் சுமக்கக்கூடிய சுமை. அவருக்குச் சம்பளம் உயர இன்னும் காலம் இருக்கிறது. உங்களுக்கு இனிச் சம்பாதிக்கும் காலம் இல்லை. அந்தத் தவணையைக் கட்ட முடியாது என்று அவர் சொன்னால், அவர் பார்த்திருக்கும் ஃப்ளாட் அவர் தகுதிக்கு மேற்பட்டது என்பதுதான் அதற்குப் பொருள்.

“மகள் கேட்கவில்லையே, அவள் பங்கை என்னிடமே வைத்திருந்து உயிலில் எழுதிவிடுகிறேன்” என்று நீங்கள் நினைக்கலாம். பல பெற்றோர் செய்வது இதுதான். பார்வைக்கு நியாயமாகவும் தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மகனின் பங்கு வெளியே போய்விட்டது. மகளின் பங்கு உங்கள் கையில் இருக்கிறது. நாளை பெரிய அறுவை சிகிச்சை ஒன்று வந்தால் அந்தப் பணத்திலிருந்துதான் எடுப்பீர்கள். உங்கள் முதுமையின் செலவு முழுவதையும், கேட்காத பிள்ளையின் பங்கு ஒன்றே சுமக்கும். கேட்டவனுக்கு முன்கூட்டியே கிடைத்தது, பொறுத்திருந்தவளுக்கு மீதி கிடைத்தது என்றாகிவிடும். இருவருக்கும் ஒரே வாரத்தில் கொடுத்தால் இந்தச் சிக்கல் எழாது. மகளுடைய தனிக் கணக்கில் செலுத்துங்கள். அவர் அதை வைப்பில் போடுவதோ கணவரின் தொழிலில் இடுவதோ அவர் முடிவு.

அந்த 40 பவுன் பேச்சை எப்படி முடிப்பது என்று கேட்பீர்கள். அதைக் கணக்கில் சேர்த்தால் அன்றைய விலைக்கா, இன்றைய விலைக்கா என்ற கேள்வி வரும். அதன்பின் மகனின் கல்லூரிக் கட்டணம் வரும், அவர் திருமணச் செலவு வரும், பேரன் பிறந்தபோது சென்னைக்குப் போய் உங்கள் மனைவி தங்கியிருந்த மாதங்களும் வரும். இந்தக் கணக்கை யாரும் போட்டு முடித்ததில்லை. படிப்புக்கும் திருமணத்துக்கும் இதுவரை செய்தவற்றைப் பெற்றோரின் கடமையாக வைத்துவிட்டு, இன்றைய தேதியிலிருந்து கொடுப்பதை மட்டும் கணக்கில் வைப்போம் என்று நீங்கள் இருவருமாகச் சொல்லிவிடுங்கள். விவாதத்துக்கு விடாமல் முடிவாகச் சொல்லுங்கள். பணம் உங்களுடையது என்பதால் அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

சொல்லும்போது இரு பிள்ளைகளும் ஒன்றாக இருக்கட்டும். பணம் கைமாறுவதற்கு முன்பே சொல்லுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்தின் கணக்குகளைச் சரிசெய்து கொடுத்தேன். தந்தை மூத்த மகனுக்கு 20 லட்சம் கொடுத்திருந்தார். மற்ற இருவருக்கும் தெரியாது. அவர் இறந்தபின் வங்கிக் கணக்கின் பழைய வரவு செலவை வாங்கிப் பார்த்தபோதுதான் அந்தப் பதிவு கண்ணில் பட்டது. மூத்தவர் அது தொழிலுக்காகக் கொடுத்தது என்றார், தங்கை அது கடன் என்றார். எதுவென்று சொல்ல ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. தொகையைவிட, தங்களிடம் மறைத்தார் என்பதுதான் மற்றவர்களைப் புண்படுத்தியிருந்தது.

அந்தக் குடும்பத்தில் தங்கைக்கு வழக்கறிஞர் சொன்ன பதிலைப் பெரும்பாலானோர் எதிர்பார்ப்பதில்லை. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், உயிருடன் இருந்தால் தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். வாழ்நாளில் ஒரு பிள்ளைக்கு ஏற்கெனவே கொடுத்ததைச் சட்டம் தானாகக் கழித்துக்கொள்வதில்லை. முன்னால் 30 லட்சம் வாங்கிய மகன் மீதியிலும் முழுப் பங்குக்கு உரியவர். “எப்படியும் எனக்கு வரப்போவதுதானே” என்று உங்கள் மகன் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், ஆனால் நீங்கள் எழுதி வைக்காவிட்டால் அது முன்பணமாக நிற்காது, கூடுதலாகக் கிடைத்ததாகத்தான் முடியும்.

ஆகவே இரண்டு ஆவணங்கள் தேவை. ஒன்று அன்பளிப்புக் கடிதம். பணத்துக்குப் பதிவு தேவையில்லை. யார் யாருக்கு, உறவு என்ன, எவ்வளவு, எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, திருப்பித் தர வேண்டியதில்லை என்ற விவரங்களோடு இருவரின் பான் எண்களையும் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். மகன் கடன் வாங்கும் வங்கியும் இதைக் கேட்கக்கூடும். மற்றொன்று உயில். அதில் இந்த இரு அன்பளிப்புகளையும் தேதியோடு குறிப்பிட்டு, இருவரும் சமமாகப் பெற்றுவிட்டதால் மீதியில் எதையும் கழிக்க வேண்டியதில்லை என்று ஒரு வரி சேருங்கள். ஏதோ காரணத்தால் மகனுக்குக் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தால், அந்த வித்தியாசத்தை மகள் முதலில் எடுத்துக்கொண்ட பிறகே மீதி சமமாகப் பிரிய வேண்டும் என்று எழுதுங்கள்.

இனி வீடு. பணத்தில் ஒரு பகுதியைக் கொடுங்கள் என்று சொல்பவன் வீட்டில் ஓர் அங்குலமும் இப்போது எழுத வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்ச வரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்ச வரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் மொத்தம் 50,000-ஐத் தாண்டாது. செலவு இவ்வளவு குறைவாக இருப்பதாலேயே ஒரு காலைப் பொழுதில் சார்பதிவாளர் அலுவலகம் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் எழுதியதை நீங்களாகவே ரத்து செய்ய முடியாது. மறுநாள் முதல் வீட்டை அடமானம் வைக்கவும் விற்கவும் மகனுக்குத்தான் உரிமை.

மகன் நல்லவர் என்பீர்கள். நானும் அப்படியே நம்புகிறேன். நான் அஞ்சுவது அவருடைய குணத்தை அன்று. அவர் தொழில் தொடங்கிக் கடன்பட்டால் கடன்காரர்கள் கை வைப்பது அவர் பெயரில் உள்ள சொத்தில். சொல்லவே மனம் வரவில்லை, என்றாலும் சொல்ல வேண்டியது: அவர் உங்களுக்கு முன் காலமானால், அவர் பெயரில் உள்ள வீடு அவருடைய மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குப் போகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் முதல் வகுப்பு வாரிசுகளில் தாய் இருக்கிறார், தந்தை இல்லை. நீங்கள் கட்டிய வீட்டில் உங்களுக்கு ஒரு செங்கல்லும் சட்டப்படி உரியதாக இராது.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு 60 வயதைக் கடந்தவர் எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்ய அந்தப் பிரிவு வழி தருகிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அந்த நிபந்தனை இருந்ததாகக் காட்டப்பட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது; 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோரைக் காக்கும் நோக்கத்தோடு சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கு நாகப்பட்டினத்தைச் சேர்ந்தது. மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்த ஒரு மூதாட்டி, மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை என்று முறையிட, அன்பின் பேரில் எழுதியதிலேயே பராமரிப்பு நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தத் தாய் வென்றார். ஆனால் கோட்டாட்சியர் அலுவலகம் தொடங்கி உயர் நீதிமன்றம் வரை அந்த வயதில் வழக்கு நடந்தது என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

என்றாவது எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், நீங்களும் உங்கள் மனைவியும், இருவரில் கடைசியாக இருப்பவரின் ஆயுட்காலம் வரை, குடியிருக்கவும் வாடகை பெறவும் அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு, பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுங்கள். அனுபவ உரிமையை வைத்துக்கொண்டு கொடுத்த தானமும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்த்திருக்கிறது. “நான் நினைத்தபோது ரத்து செய்வேன்” என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அப்படி ஒருவர் விருப்பத்துக்கு ரத்தாகும் தானம் சட்டப்படி செல்லாது.

இப்போதைக்கு வீடு உயிலில் இருக்கட்டும். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். வீட்டை நேரே பிள்ளைகளுக்கு எழுதாமல் உங்கள் மனைவிக்கு முழு உரிமையாக எழுதுங்கள். அவர் அப்போது இல்லையென்றால் இரு பிள்ளைகளுக்கும் சமமாக என்று சேருங்கள். ஆயுட்கால உரிமை மட்டும் கொடுத்தால் போதாதா என்று என் தொழிலில் இருப்பவர்களே கேட்பதுண்டு. தேவைப்பட்டால் விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போகும் சுதந்திரம் அவருக்கு வேண்டும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைகளாக இல்லாத இரண்டு சாட்சிகள், உங்களைவிட வயதில் இளையவர்கள், கையொப்பமிடட்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுங்கள்.

வங்கி வைப்பில் நியமனதாரராக மகன் பெயர் இருந்தால் அதையும் மாற்றுங்கள். நியமனதாரர் பணத்தை வாங்கிக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் பங்குகள் பற்றிய வழக்கில் உறுதி செய்திருக்கிறது. இருந்தும், பணம் யார் கையில் வருகிறதோ அவரிடம் மற்றவர் போய்க் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். மருத்துவத்துக்கென்று ஒதுக்கும் 12 லட்சத்துக்கு உங்கள் மனைவியே கூட்டாளராகவும், இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டோடும் இருப்பது நல்லது.

மகன் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டும் தேதியைக் கேட்டுக்கொண்டு, ஃபண்டில் பாதியை மார்ச் 25-க்குள் விற்க விண்ணப்பம் கொடுங்கள், மறு பாதிக்கு ஏப்ரல் முதல் வாரத்தில். முதல் பாதியில் வரும் 8 லட்சத்தையும் வங்கி வைப்பின் 10 லட்சத்தையும் சேர்த்து இருவருக்கும் ஆளுக்கு 9 லட்சம் மார்ச் கடைசியில் அனுப்பலாம், மீதி 3.5 லட்சம் ஏப்ரலில். அன்பளிப்புக் கடிதங்களின் நகலை உயிலோடு ஒரே உறையில் வைத்து, அந்த உறை எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை மகளிடமும் மகனிடமும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள்.